கப்பல் சம்பளம் 1,338 டாலர்: வீட்டுக்கு வர்றது எவ்வளவு, தேங்கி நிக்கிறது எவ்வளவு?

ஐ.டி. கம்பெனியோ பேங்கோ, நம்ம சம்பளம் மாசக் கடைசியில ஒரே கணக்குல மொத்தமா விழுந்துடும். லீவ் எடுத்தாலும் விழும். அதனால "சம்பளம் எவ்வளவு?"ங்கிற கேள்விக்கு நம்மகிட்ட ஒரே ஒரு பதில்தான் இருக்கு. கப்பல்ல வேலை பார்க்கிற ஒருத்தருக்கு அந்தக் கேள்விக்கு மூணு பதில் இருக்கு, மூணும் உண்மை. ஒப்பந்தத்துல எழுதியிருக்கிற தொகை ஒண்ணு, மாசாமாசம் வீட்டுக்கு வர்ற தொகை ஒண்ணு, இறங்கும்போது கைக்கு வர்ற தொகை ஒண்ணு.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் இருக்கிறவங்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. தெருவுல ஒரு பையனாவது கப்பல்ல இருப்பான், இல்லன்னா அதுக்கான கோர்ஸ் படிச்சுட்டு சென்னையிலயோ மும்பையிலயோ ஜாயினிங்குக்குக் காத்திருப்பான். அது உங்க அண்ணனா இருக்கலாம், தங்கச்சிக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளையா இருக்கலாம், நீங்களாகவே கூட இருக்கலாம். வீட்டுல அந்தக் கணக்கைப் பார்க்கிற வேலை பெரும்பாலும் சம்பளக்காரரான உங்க தலையிலதான் விழும். அதனால இன்னைக்கு ஒரே ஒரு கேஸை எடுத்து கடைசி டாலர் வரைக்கும் கணக்குப் போடுவோம்.

ஒப்பந்தத் தாள்ல என்ன இருக்கு?

திருவையாறு பக்கம் ஒரு குடும்பம்னு வச்சுக்குவோம். மூணு ஏக்கர் நிலம், அப்பா விவசாயம், மூத்த பையன் கப்பல்ல ஏ.பி., அதாவது டெக்ல வேலை பார்க்கிற திறன்பெற்ற மாலுமி. வெளிநாட்டுக் கொடி கட்டின சரக்குக் கப்பல், 9 மாச ஒப்பந்தம். "மாசம் 1,338 டாலர்"னு ஏஜென்ட் சொன்னார். கணக்கு சுலபமா இருக்க ஒரு டாலரை 85 ரூபாய்னு எடுத்துப்போம். அப்போ 1,13,730 ரூபாய். ஊர்ல எல்லார்கிட்டயும் "லட்சத்துக்கு மேல சம்பளம்"னு சொல்லியாச்சு.

அந்த 1,338 எப்படி வந்ததுன்னு பிரிச்சுப் பார்க்கணும். பேசிக் 720 டாலர். இதுக்கு அடியில ஒரு தரை இருக்கு: சர்வதேச தொழிலாளர் அமைப்போட ஐ.எல்.ஓ. கூட்டுக் குழு ஒரு ஏ.பி.க்கான குறைந்தபட்ச பேசிக்கை நிர்ணயிக்குது. 2025 ஜனவரி 1 முதல் அது 673 டாலர், 2026 ஜனவரி 1 முதல் 690. நம்ம பையனுக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

அடுத்தது ஃபிக்ஸ்டு ஓவர்டைம், 450 டாலர். கப்பல்ல வாரம் 48 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம், ஆனா அதோட யாரும் நிறுத்துறதில்லை. அதனால மாசம் 104 மணி நேர ஓவர்டைமை முன்கூட்டியே சம்பளத்துல சேர்த்துடுவாங்க. 720ஐ 208 மணியால வகுத்து, ஒண்ணேகால் மடங்காக்கி, 104ஆல பெருக்கினா 450 வரும். இந்தக் கணக்கை நீங்களே ஒருதடவை போட்டுப் பாருங்க. ஒப்பந்தத்துல இருக்கிற எண் இதைவிடக் குறைவா வந்தா, எத்தனை மணி நேரத்துக்கு அந்தத் தொகைன்னு கையெழுத்துக்கு முன்னாடியே கேட்கணும்.

மூணாவது லீவ் பே, 168 டாலர். நம்ம ஆளுங்க தடுமாறுற இடம் இதுதான், அதனால இதுல கொஞ்சம் நிதானமா போவோம்.

லீவ் பே போனஸ் இல்லை

நமக்கு 15 நாள் இ.எல். இருந்தா, அந்த 15 நாளும் வீட்டுல உட்கார்ந்திருந்தாலும் சம்பளம் வரும். வேலை நம்மளோடதுதான், திங்கக்கிழமை போய் உட்காரலாம். கப்பல்ல பெரும்பாலும் அப்படி இல்லை. 9 மாசம் முடிஞ்சு சைன் ஆஃப் ஆகி இறங்கின அன்னைக்கு ஒப்பந்தமும் முடிஞ்சுடுது, சம்பளமும் நின்னுடுது. அடுத்த கப்பல்ல சைன் ஆன் பண்ற வரைக்கும் அந்த ஆளுக்கு வருமானம் பூஜ்யம்.

அந்த இடைவெளிக்காகத்தான் லீவ் பே. எம்.எல்.சி. 2006ன்னு சொல்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, வேலை பார்த்த ஒவ்வொரு மாசத்துக்கும் குறைந்தது இரண்டரை நாள் சம்பளத்தோட விடுப்பு சேரணும். இந்த உடன்படிக்கையை இந்தியா 2015 அக்டோபர்ல ஏத்துக்கிட்டு, ஒரு வருஷம் கழிச்சு இங்க நடைமுறைக்கு வந்தது. யூனியன் ஒப்பந்தம் இருக்கிற கப்பல்கள்ல மாசத்துக்கு 6, 7, 8 நாள்கூட சேரும். நம்ம பையனுக்கு 7 நாள்: 720ஐ 30ஆல வகுத்து 7ஆல பெருக்கினா 168. இரண்டரை நாள்தான்னு இருந்திருந்தா அதே 168 வெறும் 60 டாலரா ஆகியிருக்கும். பேசிக் ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு கம்பெனியை ஒப்பிடும்போது இந்த நாள் எண்ணிக்கையைத்தான் முதல்ல பார்க்கணும்.

இந்த 168 மாசாமாசம் கைக்கு வராது, கணக்குல ஏறிக்கிட்டே இருக்கும். 9 மாசத்துல 1,512 டாலர், அதாவது 1,28,520 ரூபாய். அது இறங்கின பிறகு கடைசிக் கணக்கோட வரும். உடனே வராம சில வாரம் ஆகிறதும் உண்டு. சில கம்பெனிகள் லீவ் பேயை மாசச் சம்பளத்தோடவே சேர்த்துக் கொடுத்துடுவாங்க. அப்போ மாசத் தொகை பெருசா தெரியும், இறங்கும்போது எதுவும் காத்திருக்காது. ஒப்பந்தத்துல அது "சேர்ந்து வரும்" வகையா, "மாசாமாசம்" வகையான்னு தெரியாம வீட்டு பட்ஜெட் போடவே முடியாது.

பாதியில இறங்கிட்டா லீவ் பே போயிடுமான்னு நிறைய பேர் கேட்கிறாங்க. போகாது. ஆறு மாசம் வேலை பார்த்தா ஆறு மாசத்துக்குச் சேர்ந்தது அவனோடது. தானா கேட்டு இறங்கினா விமான டிக்கெட் செலவை கழிச்சுக்க ஒப்பந்தத்துல இடம் இருக்கலாம். அது வேற விஷயம், லீவ் பேயோட சேர்த்துக் குழப்பிக்கக் கூடாது.

அலாட்மென்ட்: வீட்டுக்கு வர்ற நிலைத் தொகை

கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி ஏஜென்ட் ஆபீஸ்ல ஒரு படிவம் நிரப்புவாங்க. யாருக்கு, எந்தக் கணக்குக்கு, மாசம் எத்தனை டாலர்னு. அதுதான் அலாட்மென்ட். பழைய காலத்துல "அலாட்மென்ட் நோட்"னு காகிதத்துல கொடுப்பாங்க. வீட்டுல இருக்கிறவங்க அதைக் காட்டி மாசாமாசம் பணம் வாங்கிக்குவாங்க. இப்போ பேங்க் டிரான்ஸ்ஃபர். நோக்கம் அதேதான்: அவன் கடல்ல இருந்தாலும் வீட்டுக்கு ஒரு குறிப்பிட்ட தொகை தவறாம போகணும். எம்.எல்.சி.யிலயும் இது இருக்கு. அலாட்மென்ட் உரிய நேரத்துல நேரடியா அவன் பேர் சொன்ன ஆளுக்குப் போகணும், அதுக்கு நியாயமான கட்டணம்தான் வாங்கணும், டாலரை மாத்தும்போது அவனுக்கு நஷ்டம் வர்ற மாதிரி ரேட் போடக் கூடாது.

இப்போ நம்ம பையன் எழுதினது 900 டாலர். 76,500 ரூபாய். "வீட்டுக்குத்தானே, எனக்குக் கப்பல்ல என்ன செலவு?"ங்கிற பாசம். கையில வர்ற மாதச் சம்பளம் 1,170 (பேசிக்கும் ஓவர்டைமும்). அதுல 900 வீட்டுக்கு. கப்பல்லயே கேஷ் அட்வான்ஸ், இன்டர்நெட் கார்டு, ஸ்டோர்ல வாங்குற சோப்பு, ஸ்நாக்ஸ்னு ஒரு 80. மிச்சம் 190 டாலர் கம்பெனி கணக்குல அவன் பேர்ல நிக்கும்.

9 மாசம் முடிஞ்சா நிக்கிற பாக்கி 1,710. லீவ் பே 1,512. ரெண்டும் சேர்ந்து 3,222 டாலர், 2,73,870 ரூபாய். மொத்தமா வரும்போது பெரிய தொகைதான். வீட்டுலயும் உடனே ஒரு பைக், ஒரு சீர், கொல்லைப்புறத்துல ஒரு போர்வெல்னு பட்டியல் ரெடியா இருக்கும்.

ஆனா அவன் எத்தனை மாசம் வீட்டுல இருப்பான்? விடுப்பு, அடுத்த மெடிக்கல், காலாவதியாகிற சான்றிதழுக்கான கோர்ஸ், அப்புறம் கப்பல் கிடைக்கிற வரைக்கும் காத்திருப்பு. நாலு மாசம்னு வைங்க. அந்த 3,222ஐ நாலால வகுத்தா மாசம் 805 டாலர். இதுவரைக்கும் வந்துகிட்டிருந்த 900ஐவிடக் குறைவு. பைக்கே வாங்காம இருந்தாலும் குறைவு.

இன்னொரு விதமா பாருங்க. 9 மாசத்துல அவன் சம்பாதிச்சது மொத்தம் 12,042 டாலர். கப்பல்ல செலவானது 720. மிச்சம் 11,322ஐ கடல்ல 9, வீட்டுல 4, ஆக 13 மாசத்துக்குப் பிரிச்சா மாசம் 871 டாலர், ஏறக்குறைய 74,000 ரூபாய். ஊர்ல சொன்ன லட்சத்துப் பதிமூணாயிரம் உண்மையில இவ்வளவுதான். இதுலயும் சேமிப்பு ஒரு ரூபாய்கூட இல்லை. அலாட்மென்ட்டை 900ன்னு எழுதினபோதே, வராத மாசங்களோட பணத்தை முன்கூட்டியே எடுத்துச் செலவு பண்ண ஆரம்பிச்சாச்சு.

அதே பையன் 650 எழுதியிருந்தா? வீட்டுக்கு மாசம் 55,250 ரூபாய். மாசம் 440 டாலர் பாக்கி நிக்கும், 9 மாசத்துல 3,960. லீவ் பேயோட சேர்த்து 5,472. வீட்டுல இருக்கிற நாலு மாசமும் அதே 650ஐ தானே எடுத்துக் கொடுத்தா 2,600 போகும். மீதி 2,872 டாலர், 2,44,120 ரூபாய். கோர்ஸ் ஃபீஸ் அதுல வரும், கப்பல் கிடைக்க இன்னும் ரெண்டு மாசம் லேட்டானாலும் அதுல வரும். வீட்டுக்குப் பதிமூணு மாசமும் ஒரே தொகை. நாங்க எப்பவும் சொல்ற எமர்ஜென்சி ஃபண்டை இவங்க தனியா ஆரம்பிக்கவே வேண்டாம், அலாட்மென்ட் படிவத்துல ஒரு எண்ணை மாத்தினா போதும்.

மாசா மாசம் கட்டுற இ.எம்.ஐ. இருந்தா இது இன்னும் முக்கியம். அலாட்மென்ட் 76,500 வருதுன்னு 35,000 இ.எம்.ஐ. போட்டு வீடு கட்ட ஆரம்பிச்சா, அவன் இறங்கின மாசத்துல இருந்து பேங்குக்கு அது தெரியாது, தேதி வந்தா பணம் எடுக்கும். கப்பல்காரர் வீட்டு இ.எம்.ஐ.யை 9 மாச வருமானத்துல இல்ல, 13 மாச சராசரியில வச்சுத்தான் முடிவு பண்ணணும்.

முதல் ரெண்டு மாசம், அதுவும் ஜூன்ல

இன்னொரு இடத்துலயும் வீட்டுல பதட்டம் வரும். பையன் ஜூன் 10ஆம் தேதி கப்பல் ஏறுறான். மேட்டூர் அணை திறக்கிற வழக்கமான நாள் ஜூன் 12. குறுவைக்கு உழவு ஓட்டணும், நாத்து விடணும், உரம் வாங்கணும். அப்பாவுக்குப் பணம் தேவைப்படுறது சரியா இந்த வாரத்துலதான். "பையன்தான் கப்பல்ல ஏறிட்டானே"ன்னு நம்பி உரக்கடையில கடன் சொல்லியிருப்பார்.

ஆனா ஜூன்ல அவன் வேலை பார்த்தது 21 நாள். சம்பாதிச்சது 819 டாலர். அதுல இருந்து 900 அனுப்ப முடியாது. சில கம்பெனி நாள் கணக்குக்குக் குறைச்சு அனுப்பும், சில கம்பெனி முதல் மாசத்தை விட்டுட்டு அடுத்த மாசத்துல இருந்துதான் ஆரம்பிக்கும். மாசச் சம்பளம் மாசம் முடிஞ்ச பிறகுதான் கணக்காகும், பேங்க் வழியா வர இன்னும் சில நாள் ஆகும். அதனால வீட்டுக்கு முதல் பணம் ஜூலை முதல் வாரத்துலயும் வரலாம், ஆகஸ்ட்லயும் வரலாம். அதுக்குள்ள நகை கூட்டுறவு சங்கத்துக்குப் போயிருக்கும். "முதல் அலாட்மென்ட் எந்தத் தேதி?"ன்னு ஏறுறதுக்கு முன்னாடி கேட்டு எழுதி வாங்கினா, அந்த ரெண்டு மாசத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு பண்ணிக்கலாம்.

நடுவுல தொகையை மாத்தவும் முடியும். சம்பா நடவுக்கு ஒரு மாசம் கூட வேணும்னா அவன் கேப்டன்கிட்ட எழுதிக் கொடுக்கணும். கப்பலோட சம்பளக் கணக்கு, அதாவது போர்ட்டேஜ் பில், ஒவ்வொரு மாசமும் ஒரு தேதியில மூடப்படும். அந்தத் தேதி தாண்டிட்டா மாற்றம் அடுத்த மாசத்துக்குத்தான். வாட்ஸ்அப்ல அம்மா "இந்த மாசம் மட்டும் சேர்த்து அனுப்புப்பா"ன்னு 28ஆம் தேதி சொன்னா, அவன் மனசு வச்சாலும் நடக்காது.

எந்தக் கணக்குக்கு வரணும்?

இதை வரி விஷயமா பாருங்க. ஒரு நிதியாண்டுல இந்தியாவுல 182 நாளுக்குக் குறைவா இருந்த இந்திய மாலுமி வரிக் கணக்குல என்.ஆர்.ஐ. ஆகிறார். வெளிநாட்டுப் பயணம் போற கப்பல்ல சி.டி.சி. புத்தகத்துல இருக்கிற சைன் ஆன் தேதியிலிருந்து சைன் ஆஃப் தேதி வரைக்கும் இந்தியாவுல இருந்த நாளா எண்ண மாட்டாங்க. அப்படி என்.ஆர்.ஐ. ஆன மாலுமி இந்தியாவுக்கு வெளியே பார்த்த வேலைக்கான சம்பளம், இங்க இருக்கிற என்.ஆர்.இ. கணக்குல வந்துச்சுங்கிற ஒரே காரணத்துக்காக வரிக்கு உட்படாதுன்னு மத்திய நேரடி வரிகள் வாரியம் 2017 ஏப்ரல்ல சுற்றறிக்கை எண் 13ல தெளிவு பண்ணியிருக்கு.

கவனிங்க, சுற்றறிக்கை சொல்றது என்.ஆர்.இ. கணக்கை. அலாட்மென்ட் நேரா அப்பாவோட சாதாரண சேமிப்புக் கணக்குல விழுந்தா, சம்பளம் முதன்முதலா இந்தியாவுலதான் கிடைச்சதுன்னு அதிகாரி கேள்வி எழுப்ப இடம் இருக்கு, அந்தப் பாதுகாப்பைக் காட்டி வாதாடுறது கஷ்டமாகிடும். அதனால அலாட்மென்ட்டையும் பையனோட என்.ஆர்.இ. கணக்குக்கே வரவச்சு, அங்கிருந்து அப்பா கணக்குக்கு மாசாமாசம் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் போடுறது பாதுகாப்பு. அம்மாவையோ அப்பாவையோ "ஃபார்மர் ஆர் சர்வைவர்" முறையில ஜாயின்ட் ஹோல்டரா சேர்த்து, பவர் ஆஃப் அட்டார்னி கொடுத்தா ஊர்ல இருந்தே அவங்க அதை இயக்கலாம்.

பணம் வராத மாசம்

அலாட்மென்ட் வீட்டுக்கு ஒரு அலாரம் மாதிரி வேலை செய்யும், இது பலருக்குத் தோணுறதில்லை. கப்பல் கம்பெனி தடுமாற ஆரம்பிச்சா அதை முதல்ல உணர்றது நடுக்கடல்ல இருக்கிற பையன் இல்லை, திருவையாறு பேங்க்ல பாஸ்புக் போடுற அம்மாதான். ஐ.டி.எஃப். கணக்குப்படி 2024ல உலகம் முழுக்க 312 கப்பல்கள் கைவிடப்பட்டன. அதுல சிக்கின 3,133 பேர்ல 899 பேர் இந்தியர்கள், எந்த நாட்டையும்விட அதிகம்.

எம்.எல்.சி. ஒரு கோடு போட்டு வச்சிருக்கு: ரெண்டு மாசச் சம்பளம் கொடுக்காம விட்டாலே அது கைவிடப்பட்டதா கருதப்படும். 2017 ஜனவரி முதல், இப்படி ஆனா சம்பள பாக்கியை ஈடுகட்ட கப்பலுக்கு நிதிப் பாதுகாப்பு, பெரும்பாலும் இன்ஷூரன்ஸ், கட்டாயம். அதோட சான்றிதழ் கப்பல்ல எல்லாரும் பார்க்கிற இடத்துல ஒட்டியிருக்கணும். ஆனா அது ஈடுகட்டுறது அதிகபட்சம் நாலு மாச பாக்கியைத்தான். எட்டு மாசம் பொறுத்திருந்தவனுக்கும் நாலு மாசம்தான் அங்க கிடைக்கும். 2021 ஜனவரியில அமீரகத்தோட உம் அல் குவைன் கரையில ஒதுங்கின எம்.டி. ஐபா கப்பல்ல இருந்தவங்க கதை இதுதான். ரெண்டு வருஷத்துக்கும் மேல பாக்கி வச்சிருந்தவங்க கடைசியில முழுத் தொகையைவிடக் குறைவா வாங்கிக்கிட்டுதான் வீடு திரும்பினாங்க.

அதனால ஒரு அலாட்மென்ட் தேதி தாண்டினதுமே அவனோட மாதக் கணக்குத் தாளைக் கேளுங்க. மாசாமாசம் எழுத்துல கணக்கு கொடுக்கிறது கட்டாயம். அதுல 900 "அனுப்பியாச்சு"ன்னு இருந்து வீட்டுக்கு வரலைன்னா பேங்க்லயோ நடுவுல யாரிடமோ சிக்கல். "அனுப்பலை"ன்னு இருந்தா கம்பெனியில சிக்கல். ரெண்டுக்கும் போக வேண்டிய இடம் வேற. கம்பெனி சிக்கல்னா ஆளை ஏத்திவிட்ட ஏஜென்ட், மும்பையில இருக்கிற டி.ஜி. ஷிப்பிங், சென்னை உட்பட பெரிய துறைமுகங்கள்ல செயல்படுற ஐ.டி.எஃப். ஆய்வாளர்கள், இவங்ககிட்ட எழுத்துல புகார் போகணும். டி.ஜி. ஷிப்பிங்கோட ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இல்லாத ஏஜென்ட் வழியா போயிருந்தா முதல் கதவே அடைச்சிருக்கும். வேலை வாங்கித் தர மாலுமிகிட்ட கட்டணம் வாங்கவும் எந்த ஏஜென்ட்டுக்கும் உரிமை கிடையாது.

இறங்கி வந்த பிறகும் லீவ் பே வரலைன்னா அது வராக்கடன்னு விட்டுடாதீங்க. 2017ஆம் வருஷ அட்மிரால்டி சட்டப்படி மாலுமியோட சம்பள பாக்கி அந்தக் கப்பல் மேலயே நிக்கிற உரிமை, அதுவும் வரிசையில முதல் இடம். அந்தக் கப்பல் தமிழ்நாட்டுத் துறைமுகத்துக்கு வந்தா சென்னை உயர் நீதிமன்றத்துல வழக்குப் போட்டு அதைப் பிடிச்சு வைக்கச் சொல்லலாம். இந்த உரிமைக்கு ரெண்டு வருஷம்தான் ஆயுசு. சைன் ஆஃப் தேதி போட்ட சி.டி.சி. பக்கம், ஒப்பந்தம், ஒன்பது மாசக் கணக்குத் தாள், இந்த மூணையும் அவன் கப்பல்ல இருக்கும்போதே போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பி வச்சிருக்கணும். 1,512 டாலரை நிரூபிக்க அந்தத் தாள்கள்தான் வேணும்.